பக்க எண் இல்லாத குறிப்பு



போன மாதம் ஒரு கல்லூரியில், பிஎச்.டி.க்குப் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை வரவேற்கும் கூட்டம். வாழ்த்திப் பேசிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன். தமிழ்த் துறைத் தலைவர் மைக் முன்னால் வந்து ஒரு பழைய நோட்டைத் தூக்கிக் காட்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஆராய்ச்சி மாணவியா இருந்தப்போ நூலகத்துல எழுதின நோட்டு இது. இந்தப் பக்கத்துல ஏழு வரி இருக்கு. கையெழுத்து என்னுது. ஆனா வரி என்னுதா, நான் படிச்ச புத்தகத்துல உள்ளதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதனால அந்த ஏழு வரியையும் ஆய்வேட்டுல சேர்க்கவே இல்லை."

கருத்துத் திருட்டு என்றதும் நமக்கு என்ன தோன்றும்? ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, எவனோ இன்டர்நெட்டில் எடுத்து ஒட்டுகிறான் என்றுதானே? பாதி திருட்டு அப்படி நடப்பதில்லை என்றார் அவர். முதல் வருடம் நூலகத்தில் குறிப்பெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. செய்தவருக்கே அது தெரியாது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின் பெயரைச் சொன்னார். புலிட்சர் பரிசு வாங்கியவர். 1987-இல் வந்த அவருடைய புத்தகத்தில் வேறொருவரின் வரிகள் மேற்கோள் குறி இல்லாமல் கலந்திருந்தது 2002-இல் பெரிய பிரச்சினையானது. அவர் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? கையால் எடுத்த குறிப்புகளில் எது பிறர் வரி, எது தன் வரி என்று பிரித்து வைக்காமல் போனதுதான் காரணம் என்றார். அவ்வளவு பெரியவருக்கே நோட்டு காலை வாரிவிட்டது!

அதனால் துறைத் தலைவர் மாணவர்களிடம் கேட்டது ஒரு சின்னப் பழக்கம்தான். நோட்டில் ஒரு வரி எழுதும் முன்பே நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு. அடுத்து பக்க எண். அதன் பிறகுதான் குறிப்பு. புத்தகத்தில் உள்ளபடியே எழுதினால் மேற்கோள் குறி போட்டு, ஓரத்தில் 'மே'. தன் சொல்லில் சுருக்கினால் 'சு'. தனக்குத் தோன்றியதை எழுதினால் 'எ', அதாவது 'என்னுடையது'. செல்போனில் படம் எடுப்பவர்கள் முதலில் தலைப்புப் பக்கத்தை எடுக்க வேண்டும். பிறகு, பக்க எண் தெரிகிற மாதிரி உள்பக்கத்தை.

'சு' என்று போட்டுவிட்டால் போதுமா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பலகையில் ஓர் உதாரணம் எழுதினார். நூலில் இப்படி ஒரு வரி இருக்கிறதாம்:

'கண்மாய் மடையை எப்போது திறப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது; அதை நிறைவேற்றும் பொறுப்பு நீர்பாய்ச்சியிடம் இருந்தது.'

ஒரு மாணவர் இதைத் 'தன் சொல்லில்' எழுதுகிறார்: 'ஏரி மதகை எந்நேரம் திறக்கலாம் என்று கிராமத்தார் சேர்ந்து தீர்மானித்தனர்; அதைச் செயல்படுத்தும் கடமை நீர்பாய்ச்சிக்கு இருந்தது.'

"மடை மதகாயிடுச்சு, ஊர் கிராமமாயிடுச்சு. வாக்கியம் அதே வாக்கியம்தான். அரைப்புள்ளிகூட அதே இடத்துல! பக்கத்து வீட்டுச் சட்டைக்குச் சாயம் போட்டா நம்ம சட்டையாயிடுமா?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது.

இன்னொரு மாணவர் புத்தகத்தை மூடிவைத்து, ஒரு நிமிடம் யோசித்து எழுதுகிறார்: 'சு: நீர்ப் பங்கீட்டில் முடிவெடுக்கும் உரிமை வேறு கையில், செய்யும் வேலை வேறு கையில் இருந்தது என்கிறார் ஆசிரியர், ப. 42.' அதற்குக் கீழே: 'எ: ஊர் முடிவை நீர்பாய்ச்சி மீறினால் என்ன செய்தார்கள்? எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.' எழுதிய பிறகே புத்தகத்தைத் திறந்து, பொருள் மாறவில்லையே என்று சரிபார்க்கிறார். 'சு' வரிக்கும் ஆதாரம் காட்டியாக வேண்டும். அந்த 'எ' வரிதான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கும் இடம்.

அடுத்து, நம் தமிழ் ஆய்வேடுகளில் அதிகம் பார்க்கும் ஒரு பழக்கம். யாரோ ஒருவர் நூலில் ஒரு கல்வெட்டு வரியை மேற்கோள் காட்டியிருப்பார். நம் மாணவர் அதை எடுத்துக்கொண்டு, அடிக்குறிப்பில் மூலத் தொகுதியையே நேரில் பார்த்ததுபோல் எழுதிவிடுவார். எப்படி மாட்டுவார்? முதலாமவர் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அதே தப்பு அடுத்தடுத்த ஆய்வேடுகளிலும் நடந்துபோகும். மூலத்தைப் பார்க்காவிட்டால், இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுவதில் கூச்சம் எதற்கு?

"சாஃப்ட்வேர்ல 10 சதவீதத்துக்குள்ள வந்தா போதும்தானே மேடம்?" என்று ஒரு பையன் கேட்டான். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியும் தர முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து.

"அந்த சாஃப்ட்வேர் சொல் ஒற்றுமையை எண்ணுற மெஷின். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ்ல மாத்தி எழுதினா பெரும்பாலும் அதுக்குத் தெரியாது. பழைய ஃபாண்ட்ல டைப் செஞ்சதை ஒழுங்கா படிக்கவும் தெரியாது. முறையா காட்டின மேற்கோளைக்கூடச் சில நேரம் திருட்டுன்னு காட்டும். ஆனா நாளைக்கு உங்க ஆய்வேடு சோத்கங்கா தளத்துல இருக்கும். அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தர் படிப்பார். அவருக்குத் தெரியும்" என்றார். திருட்டு நிரூபணமானால், வாங்கிய பட்டத்தையே நிறுத்தி வைக்கவும் அந்த விதியில் இடம் உண்டு.

நம் வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ப்ராஜெக்டை எடுத்துப் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, வெட்டி ஒட்டி, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனா பார்டர். நாமே கூட உட்கார்ந்து ஒட்டியிருப்போம். அதன் அடியில் 'இன்ன புத்தகம், இன்ன பக்கம்' என்று ஒரு வரி எழுத வைத்திருக்கிறோமா? பத்து வருடம் கேட்காததைப் பிஎச்.டி.யில் திடீரென்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு வரியை, இன்ன நூலில் படித்தேனே என்று ஒரு வாசகர் கார்டு போட்டார். என் நோட்டைப் புரட்டினேன். வரி இருந்தது. பெயரும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்தேன். அன்றைக்கு இந்த 'மே', 'சு', 'எ' எனக்குத் தெரியாது.

நம் இதழுக்கு ஒரே மிளகு ரசக் குறிப்பு மூன்று ஊர்களிலிருந்து, வார்த்தை மாறாமல் வந்த கதையும் உண்டு. அதே தபாலில், 'இது என் நாத்தனார் சொல்லிக் கொடுத்தது' என்று தொடங்கிய கடிதமும் இருந்தது. அடிக்குறிப்பு என்றால் அதுதானே? அடுத்த முறை குறிப்பு அனுப்பும்போது யார் சொன்னது, எதில் படித்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயரையும் சேர்த்தே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்