ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள்

ராயபுரம் ரயில் ஸ்டேஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். வடசென்னைக்குப் பெரிய ரயில் முனையம் வேண்டும், பழைய கட்டடத்தைக் காட்டிக் காரியத்தைத் தடுக்காதீர்கள் என்பது ஒரு கட்சி. ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்பது மற்றொரு கட்சி. இரண்டிற்கும் நடுவே இருக்க வேண்டியது ஒரு தஸ்தாவேஜு. பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் என்று அதற்குப் பெயர். அது ஒழுங்காக எழுதப்பட்டால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இதை எழுதும் முறையை 1982இல் ஒரு சிறு நூலாகத் தந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் செம்பிள் கெர். முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு அதன் சிறப்பு எதில் இருக்கிறது என்று எழுத வேண்டும். அதன் பின்னரே கொள்கை வகுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வந்தது வினை. முடிவை முன்பே செய்துவிட்டு அதற்கேற்றபடி சிறப்பைக் கூட்டியோ குறைத்தோ எழுதும் வழக்கம் அப்படித்தான் பிறக்கிறது.

ராயபுரத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பகுதி, வரலாறு. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டிற்குப் புறப்பட்டது. 1873இல் சென்ட்ரல் ஸ்டேஷன் எழுந்த பிறகு ராயபுரத்தின் மவுசு மெல்லக் குறைந்தது. பாழடைந்து கிடந்த கட்டடம் 2005இல் பழுதுபார்க்கப்பட்டுப் புதுப்பொலிவு பெற்றது.

இரண்டாம் பகுதி, தரம் பிரித்தல். கட்டடம் முழுவதும் ஒரே மதிப்புடையது அன்று. தூண் வரிசையும் முகப்பு மண்டபமும் முதல் தரம். நடைமேடையில் பல முறை மாற்றப்பட்ட பகுதிகள் அதற்குக் கீழே. பின்னாளில் ஒட்டவைத்த தடுப்புச் சுவரோ தகரக் கொட்டகையோ இருந்தால், அவை சிறப்பைக் கெடுப்பவை என்று தனியே குறிக்கப்படும். அவற்றை அகற்றுவதே நன்மை. இந்தப் பட்டியல் கையில் இருந்தால், எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பது இரு கட்சிக்கும் ஒரே தாளில் விளங்கும்.

மூன்றாம் பகுதி, கொள்கை. "பாரம்பரியம் பேணப்பட வேண்டும்" என்று எழுதினால் அது வெறும் மேடைப் பேச்சு. "புதிய கட்டடம் எதுவும் தூண் முகப்பைச் சாலையிலிருந்து மறைக்கக் கூடாது" என்று எழுதினால் அது கொள்கை. வரைபடம் வந்தவுடன் ஆம், இல்லை என்று விடை சொல்ல முடிகிறதல்லவா? முனையம் கேட்பவர்களுக்கும் இதனால் லாபம் உண்டு. எங்கே கட்டக் கூடாது என்று தெளிவாகிவிட்டால், எங்கே கட்டலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

சுவரைப் பழுதுபார்ப்பதற்கும் இப்படியே ஒரு கொள்கை வேண்டும். அக்காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. சுண்ணாம்பு மிருதுவானது, சுவருக்குள் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அவசரத்தில் ஒரு காண்ட்ராக்டர் சிமெண்டைப் பூசிவிட்டால் அந்த வழி அடைபடும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் செங்கல் வழியாகவே வெளிவரும். உப்பு உறைந்து செங்கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். கண்டுபிடிப்பது சுலபம். செங்கல் உள்வாங்கி, அதைச் சுற்றிய சாந்து மட்டும் வரப்புப் போல் துருத்தி நின்றால் சிமெண்டின் வேலை என்று அறியலாம். ஆகவே, "முதல் தரப் பகுதிகளில் சுண்ணாம்புச் சாந்து மட்டுமே, முதலில் சிறு பகுதியில் பூசிப் பார்த்த பின்னரே மற்ற இடங்களில்" என்ற ஒரு வரி, ஆயிரம் மேடைப் பேச்சுக்குச் சமம்.

கடைசிப் பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் மறுபார்வை. ஐப்பசி மழைக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும் கூரையையும் மழைநீர்க் குழாய்களையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை திட்டம் முழுவதையும் திருப்பிப் படித்துத் திருத்த வேண்டும். தீ, வெள்ளம், புதிய ரயில் பாதை என்று ஏதேனும் வந்தால் ஐந்தாண்டு காத்திராமல் உடனே. இந்தப் பொறுப்பு எந்தப் பதவிக்கு உரியது என்றும் எழுதியிருக்க வேண்டும். ஆளின் பெயரை எழுதினால் அவர் மாற்றலாகிப் போனதும் பொறுப்பும் ரயிலேறிவிடும்!

இந்தத் திட்டம் சட்டம் அன்று. உரிமையாளரான ரயில்வே கையெழுத்திட்டு, ஆண்டுச் செலவில் அதற்கென்று தொகையும் ஒதுக்கினால்தான் அதற்கு உயிர். ராயபுரத்து மக்களையும் அழைத்துக் கேட்டு எழுத வேண்டும். கட்டடத்தின் மதிப்பு தூணில் மட்டும் இல்லை. மூன்று நான்கு தலைமுறையாக அதை நம்ம ஸ்டேஷன் என்று சொல்லி வரும் ஊராரிடமும் இருக்கிறது. அவர்களைக் கேளாமல் எழுதிய திட்டத்தை அடுத்த சண்டையின்போது யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.