அம்புலியை அழைக்கத் தெரிய வேண்டும்

நம்மூர் வில்லுடையான்பட்டு முருகன் மேல் யாராவது பிள்ளைத்தமிழ் பாட உட்கார்ந்தால், அது போற்றிப் பாட்டாகப் போய்விடக் கூடாது என்பது என் கட்சி. அசுரனைக் கொன்றவன், ஆறு முகத்தவன் என்று அடுக்கிக்கொண்டே போனால் சாமி இருக்கும், பிள்ளை இருக்காது.

பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு, ஆக நூறு பாட்டு என்பது வழக்கமான கணக்கு. மூன்றாம் மாதத்தில் காப்புத் தொடங்கி, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மாதமாக 21 வரை போவதாக ஒரு முறை உண்டு. காப்பில் மற்றத் தெய்வங்களை அழைத்துக் குழந்தையைக் காக்கச் சொல்கிறோம். அதற்குப் பிறகு, குழந்தை என்ன செய்கிறதோ அதுதான் பாட்டு. செங்கீரை என்றால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலை தூக்கி ஆடுகிற ஐந்து மாதப் பிள்ளை. அந்த ஆட்டம் கண்ணில் தெரிய வேண்டும். கழுத்து மணியும் அரைஞாணும் அசைய வேண்டும்.

எழுதுகிறவரைச் சோதிப்பது ஏழாவதான அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வரும்படி தாய் நிலவை அழைக்கிறாள். அழைக்கும் முறை நான்கு: சாமம், தானம், பேதம், தண்டம். நம்மூர் முருகனுக்கு நான் இப்படித் திட்டம் போடுவேன்.

சாமத்தில் உறவு சொல்லலாம். "நீ சிவன் சடையில் இருக்கிறாய், இவன் அவர் மடியில் இருக்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே?" தானத்தில் ஆசை காட்டலாம். "உன்னைப் பாம்பு விழுங்க வருமே, இவனிடம் மயில் இருக்கிறது. வந்தால் உனக்குப் பயமில்லை." பேதத்தில் வேற்றுமை சொல்லலாம். "நீ தேய்கிறவன், உன் மேல் களங்கம் உண்டு. இவனுக்கு இரண்டும் இல்லை. அப்படியும் உன்னைக் கூப்பிடுகிறானே!" கடைசியில் தண்டம். இங்கேதான் நம்மூர் உதவுகிறது. இந்த முருகன் கையில் வில் ஏந்தி நிற்கிறவன். "வரமாட்டாயா? பிள்ளை கையில் இருப்பது என்ன, பார்த்தாயா?" என்றாலே போதும். அம்பு விடக் கூடாது. ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்காகத் தாய் காட்டுகிற பொய்க் கோபம் அது. நிஜமாகவே அம்பு பறந்தால் பாட்டு பரணியாகிவிடும்.

பருவத்தின் பத்துப் பாட்டும் ஒரே அழைப்பில் முடிவதால், ஐந்தாவது பாட்டிலேயே சரக்குத் தீர்ந்துவிடும். அப்போதுதான் கை தானாக அடைமொழிகளைத் தேடிப் போகும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முருகன் பெயரை எடுத்துவிட்டு வேறு தெய்வத்தின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பாட்டு தடையில்லாமல் ஓடினால், அதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டியதுதான்.