பிள்ளையின் கையெழுத்தும் ஆசிரியரின் தண்டனையும்

பள்ளிச் சுவர்களில் "நம் வகுப்பறைச் சாசனம்" என்று ஒட்டப்பட்டிருக்கும் வண்ணத் தாள்களில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகளிடமிருந்து முன்கூட்டியே எழுதி வாங்கிய குற்ற ஒப்புதல் என்றே நான் சொல்வேன். ஆசிரியர் கல்வித் துறையில் இருக்கும் நண்பர்களுக்கு இது கடுமையாகப் படலாம். கள ஆய்வுக்காகத் தில்லியின் அரசுப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் பல வாரங்கள் அமர்ந்திருந்த பிறகு, இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சாசனம் எழுதப்பட்ட நாளில் நான் அங்கே இருந்தேன். இளம் ஆசிரியை, நல்ல நோக்கமுடையவர். "விதிகளை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று தொடங்கினார். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பதினைந்து நிமிடங்களில் ஒன்பது விதிகள் கரும்பலகையில் ஏறின. நேரத்துக்கு வருவோம், வீட்டுப்பாடம் முடிப்போம், கேலி செய்யமாட்டோம், அனுமதியின்றிப் பேசமாட்டோம். எல்லாம் அவர்கள் முதல் வகுப்பிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவை. ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதையே திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்து இரண்டாம் பத்தி: விதியை மீறினால் என்ன விளைவு? வகுப்பு அப்போதுதான் உயிர் பெற்றது. "முர்கா!" என்று ஒரு பையன் கத்தினான். குந்தி அமர்ந்து, கால்களுக்கிடையே கைகளை நுழைத்துக் காதுகளைப் பிடித்துக்கொண்டு சேவல்போல் நிற்கும் அந்தத் தண்டனையை வட இந்தியப் பள்ளிகளில் படித்தவர்கள் அறிவார்கள். இன்னொரு சிறுமி பத்து ரூபாய் அபராதம் என்றாள். ஆசிரியை முர்காவை மறுத்தார், அபராதத்தையும் மறுத்தார். பேரம் பேசி முடிந்தபோது தாளில் நின்றவை இவை: தாமதமாக வந்தால் முதல் பாடவேளை முழுவதும் கதவருகே நிற்க வேண்டும், வீட்டுப்பாடம் இல்லையெனில் விளையாட்டு வகுப்பு கிடையாது, கேலி செய்தால் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் கீழே கையெழுத்திட்டனர். ஆசிரியைக்குரிய விதி என்று ஒன்றும் அதில் இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு சிறுமி தொடர்ந்து கதவருகே நிற்பதைக் கவனித்தேன். அவளுடைய குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, தம்பியை அங்கன்வாடியில் விட்டு வர வேண்டும். பத்து நிமிடத் தாமதத்துக்கு ஒரு பாடவேளை முழுவதையும் இழந்தாள். முதல் பாடவேளை கணக்கு. ஒருநாள் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஆசிரியை சுவரைக் காட்டிக் கேட்டார்: "நீதானே கையெழுத்துப் போட்டாய்?"

என் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மீதுதான். பழைய ஆசிரியர் தண்டித்தபோது பிள்ளைக்கு ஒரு புகலிடம் எஞ்சியிருந்தது: "இது அநியாயம்" என்று மனத்துக்குள்ளாவது சொல்லிக்கொள்ளலாம். புதிய சாசனம் அதையும் பறித்துக்கொள்கிறது. தண்டனையை விதித்தவளும் நீ, ஏற்றவளும் நீ என்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உரிய வயதை எட்டாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். கடன் பத்திரத்தில் செல்லாத பதினொரு வயதுக் கையெழுத்து, கதவருகே நிறுத்துவதற்கு மட்டும் எப்படிச் செல்லும்?

"விளைவுகளையும் பிள்ளைகளே சொன்னார்களே" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். சொன்னார்கள்தான். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்குப் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்விலேயே விடை இருக்கிறது. அம்மா ரொட்டி வாங்கிவரச் சொல்லியும் போகாத சிறுவன் ஒருவனின் கதையை அவர் குழந்தைகளிடம் சொன்னார். மறுநாள் ராட்டினத்துக்கு அனுப்பாமலிருப்பது, இருக்கும் கொஞ்ச ரொட்டியை அவனுக்குத் தராமலிருப்பது, அவன் உதவி கேட்கும்போது மறுப்பது: இவற்றுள் எது நியாயமான தண்டனை என்று கேட்டார். ராட்டினத்துக்கும் ரொட்டிக்கும் தொடர்பே இல்லை. அது வெறும் வலி. மற்ற இரண்டும் செயலின் பொருளை அவனுக்கே திருப்பிக் காட்டுபவை. இளைய குழந்தைகள் கடுமையானதையே நியாயம் எனக் கொள்ளும் போக்குடையவர்கள் என்றும், சமமானவர்களுக்கிடையிலான ஒத்துழைப்பில் வளர வளரத்தான் இரண்டாம் வகையை நோக்கி நகர்கிறார்கள் என்றும் அவர் கண்டார். ஆகவே முதல் நாளன்று "என்ன தண்டனை?" என்று பிள்ளைகளைக் கேட்டால், அவர்கள்மீது இதுவரை பிறர் செலுத்திய அதிகாரத்தின் எதிரொலிதான் வரும். அதைக் குழந்தைகளின் குரல் என்று ஆய்வேடுகளில் எழுதுகிறோம்.

விதிக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்புதான் இம்முறையின் உயிர்நாடி. அது பிள்ளைகளோடு சேர்ந்து மெதுவாகக் கண்டடைய வேண்டிய ஒன்று. "தண்டனை" என்ற சொல்லை அழித்து "விளைவு" என்று எழுதுவதால் மட்டும் தொடர்பு உண்டாகிவிடாது. தர்க்கரீதியான விளைவு என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் நீர்த்த தண்டனையே என்று அமெரிக்கக் கல்வி விமரிசகர் ஆல்ஃபி கோன் 1990களில் எழுதியதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவரைப் பின்பற்றி விளைவுகளையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விளைவு எழுதப்படாத வகுப்பில் விளைவு இல்லாமல் போவதில்லை. அது ஆசிரியரின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பிறகு அதே பள்ளியின் வேறொரு பிரிவில், வேறொரு ஆசிரியரோடு சேர்ந்து வேறு வரிசையில் முயன்றோம். முதல் நாள் விதி பற்றிய பேச்சே இல்லை. "சென்ற வாரம் இந்த வகுப்பில் நீ படிப்பதற்கு எது தடையாக இருந்தது?" என்று கேட்டு, பெயரில்லாத சீட்டுகள் வாங்கினோம். பின்னால் இருப்பவன் பையை இழுக்கிறான், என் பென்சில் திரும்பி வரவில்லை, சார் எப்போதும் முன்வரிசையையே கேட்கிறார், பாதியில் வருபவர்கள் முன்னால் நடந்து போகிறார்கள் என்றெல்லாம் வந்தன. இவற்றைத் தரம் பிரித்து ஐந்து விதிகளாக்கினோம். ஐந்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

மறுநாள் ஒவ்வொரு விதியையும் எடுத்து, "மீறினால் என்ன செய்யலாம்?" என்பதற்குப் பதிலாக, "இந்த விதி மீறப்படும்போது எது கெடுகிறது? அதை யார், எப்படிச் சரிசெய்யலாம்?" என்று கேட்டோம். கேள்வி மாறியதும் விடைகளும் மாறின. தாமத விதியையே பாருங்கள். தாமதத்தால் இரண்டு கெடுகின்றன: மற்றவர் கவனம், வந்தவரின் பாடம். எனவே தாமதமாக வருபவர் பின்கதவால் ஓசையின்றி வந்து, அதற்கென விட்டிருக்கும் இடத்தில் அமர்வார். விடுபட்டதை இடைவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு தோழரிடம் கேட்டு எழுதிக்கொள்வார். ஒரு வாரத்தில் மூன்று முறை நிகழ்ந்தால் ஆசிரியர் தனியே அழைத்துக் காரணம் கேட்பார். காரணம் தண்ணீர் லாரி என்றால், மாற வேண்டியவள் அந்தச் சிறுமி அல்ல. அந்தக் கணக்குப் பாடவேளையைப் பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்பதே பள்ளி கேட்க வேண்டிய கேள்வி.

ஒவ்வொரு விளைவையும் தாளில் ஏற்றுமுன் மூன்று சோதனைகளுக்கு உட்படுத்தினோம். கெட்டதை இது சரிசெய்கிறதா? பிள்ளையைப் பாடத்துக்குள் வைத்திருக்கிறதா? இதே தவற்றை ஆசிரியர் செய்தால் அவருக்கும் பொருந்துமா? கதவருகே நிற்பது மூன்றிலும் தோற்கிறது. விளையாட்டு வகுப்பைப் பறிப்பது முதல் சோதனையிலேயே விழுகிறது. எல்லார் முன்னிலையிலும் மன்னிப்பு என்பது பார்வைக்கு நல்லதாகத் தெரிந்தாலும், கேலிக்கு ஆளான பிள்ளையை மீண்டும் காட்சிப்பொருளாக்குகிறது. சரிசெய்யும் விதத்தைப் புண்பட்டவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றினோம்.

மூன்றாம் சோதனையில்தான் ஆசிரியர்கள் முகம் மாறுகிறது. வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அனாதை இல்லத்தில் பிள்ளைகளே நடுவர்களாக இருந்த நீதிமன்றம் ஒன்று இயங்கியது. அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பதற்கான வெவ்வேறு காரணங்களைச் சொல்பவை. கோர்ச்சாக் தாமும் அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார். நம் ஆசிரியர் தாமதமாக வந்தால் என்ன? காரணத்தைச் சொல்வார், விட்டுப்போனதை அடுத்த வகுப்பில் முடிப்பார், இடைவேளையைத் தின்னமாட்டார். இந்த ஒரு வரி எழுதப்பட்ட பிறகுதான் பிள்ளைகள் மற்ற வரிகளை நம்பத் தொடங்கினார்கள்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. வன்முறை, சாதி சொல்லி இழிவுபடுத்துதல், பாலியல் சீண்டல் ஆகியவை வகுப்பின் வாக்கெடுப்புக்கு உரியவை அல்ல. பெரும்பான்மை வாக்கு சிறுபான்மைப் பிள்ளையைக் காப்பாற்றாது. அங்கே பெரியவர்களின் பொறுப்பு தொடங்குகிறது. அதேபோல் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல்சார் தண்டனையையும் மன உளைச்சலுக்கு உள்ளாக்குவதையும் தடைசெய்கிறது. முர்கா போன்ற நிலையில் நிறுத்துவதைத் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் உடல்சார் தண்டனை என்றே வகைப்படுத்துகின்றன. வகுப்பு முழுவதும் கைதூக்கினாலும் அது சட்டமாகாது. இந்த எல்லைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதே நேர்மை. எல்லாம் உங்கள் கையில் என்று சொல்லிவிட்டு இடையில் மறுப்பது ஏமாற்று.

"நாற்பது பேர் வகுப்பில் இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பீர்கள். எங்களுக்கு இரண்டு பாடவேளைகளும், அதன்பின் இரு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடமும் பிடித்தன. கதவருகே அந்தச் சிறுமி இழந்த கணக்குப் பாடவேளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு நேரத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் வகுப்பில் ஏற்கெனவே ஒரு சாசனம் தொங்கினால், அது எத்தகையது என்று அறிய ஒரு வழி உண்டு. மீறல்களை ஒரு மாதம் குறித்து வையுங்கள். திரும்பத் திரும்ப அதே நான்கைந்து பெயர்கள்தான் வருகின்றனவா? அவர்கள் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள்? உங்கள் பெயர் ஒருமுறையாவது இருக்கிறதா? ஒட்டிய நாளிலிருந்து ஒரு வரியாவது திருத்தப்பட்டிருக்கிறதா? அதே பெயர்களே வந்து, உங்கள் பெயர் வராமல், ஒரு வரியும் திருத்தப்படாமல் இருந்தால், தாளைக் கிழித்துவிடுங்கள். அந்தத் தண்டனைகளை இனி உங்கள் பெயரிலேயே கொடுங்கள். பிள்ளைகளின் கையெழுத்தை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.