சீன எழுத்துப்பிழை: காதுக்குச் சரி, கண்ணுக்குத் தவறு

உங்கள் சீன நண்பர் கைத்தொலைபேசியில் எப்படித் தட்டச்சு செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பலரும் பயன்படுத்துவது பின்யின். ஒலியை ரோமன் எழுத்துகளில் தட்டினால், அதே ஒலியுள்ள சீன எழுத்துகள் வரிசையாக வரும்.

zai என்று தட்டுங்கள். 'மீண்டும்' என்பதற்கு 再, 'இருப்பது' என்பதற்கு 在. இரண்டும் வரும். அவசரத்தில் மாற்றித் தொட்டால், 'மீண்டும் சந்திப்போம்' என்ற 再见, 在见 ஆகிவிடும். வாய்விட்டு வாசித்தாலும் ஒலி மாறாது. அதனால் பிழை சட்டுன்னு தெரியாது.

இன்னொரு பிழை வேற மாதிரி. சிங்கப்பூரில் எளிய வடிவ எழுத்துகள். தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு வடிவம். எளிமையாக்கியபோது, 'பிறகு' என்ற 後, 'அரசி' என்ற 后 இரண்டும் 后 என்ற ஒரே எழுத்தாயின. அதைத் திரும்ப மரபு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், சொல்லைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் மாற்றினால் வந்தது வினை. மகாராணியைக் குறிக்கும் 皇后, 皇後 ஆகிவிடும்.

அதுக்காக, மரபு வடிவ உரையில் 后 இருந்தாலே தவறு என்று முடிவு செய்யாதீங்க. அங்கேயும் அது முறையான எழுத்துதான். முழுச் சொல்லையும் பாருங்கள்: அங்கே வரவேண்டியது அரசியா, 'பிறகு'வா?