21 நாள் என்னும் பொய்

எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் அது ஒட்டிக்கொள்ளும் என்றும், நடுவில் விட்டவனுக்கு மனவுறுதி இல்லை என்றும் மேடைப் பேச்சாளர்கள் முதல் கோச்சிங் சென்டர்கள் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. உடலால் உழைத்துக்கொண்டே படிக்க முயல்பவருக்கு இது அநீதியும்கூட.

அந்த 21 எங்கிருந்து வந்தது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் ஒரு புத்தகம் எழுதினார். அறுவைக்குப் பிறகு தம் புதிய முகம் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அதில் குறிப்பிட்டார். கண்ணாடியில் தெரியும் முகத்துக்குப் பழகுவது வேறு, தினமும் ஒரு வேலையைச் செய்வது வேறு. கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ என்ற சொல்லும் உதிர்ந்துபோனது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை 84 நாட்கள் கவனித்து, 2010-இல் முடிவை அச்சிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் அதைச் செய்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை வருவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணித்தார்கள். ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: தொடக்க நாட்களில் பழக்கம் வேகமாக வலுப்படுகிறது, பிறகு அந்த வேகம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே, சில வாரம் கழித்து ‘முன்போல முன்னேற்றம் இல்லையே’ என்று தோன்றினால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதைக் கஞ்சிக்கோட்டில் வைத்துப் பார்ப்போம். இங்குள்ள தொழிற்பேட்டையில் வாரம் ஒரு ஷிப்ட் மாறி வேலை செய்யும் ஓர் இளைஞர், கேரள பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை 5 முதல் 7 மணி வரை படிப்பது அவர் திட்டம். பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் வாரத்தில் அது அழகாக நடக்கிறது. அடுத்த வாரம் காலை 6 மணிக்கே ஷிப்ட் தொடங்குகிறது. அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட். காலை 5 மணிக்கு அவர் மெஷின் முன்னால் நிற்கிறார். பகலில் தூங்கினாலும் இரவுத் தூக்கத்தின் அளவு கிடைப்பதில்லை. திட்டம் முறிந்தது ஷிப்ட் அட்டவணையால். வீட்டாரோ ‘ஆரம்பசூரன்’ என்கிறார்கள். கடைசியில் அவரும் அதை நம்பிவிடுகிறார்.

திட்டத்தை மோசமான வாரத்திலிருந்து தொடங்கிப் போட வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து வருபவரால் என்ன முடியும்? பழைய வினாத்தாளில் பத்துக் கேள்வி முடியும். விடை சரிபார்ப்பதையும் சேர்த்துக் கால் மணி நேரம் போதும். அதுதான் தினசரி அளவு. அதைக் கடிகாரத்தோடு கட்டாமல், மூன்று ஷிப்டிலும் மாறாத ஒன்றோடு கட்ட வேண்டும்: வேலை விட்டு வந்து குளித்ததும், சாப்பிட உட்காரும் முன். பகல் இரண்டரையோ, இரவு பத்தரையோ, காலை ஆறரையோ, அந்த வரிசை மாறாது. வினாத்தாளும் பேனாவும் சாப்பிடும் இடத்திலேயே இருக்கட்டும். சோர்ந்திருப்பவர் புத்தகம் தேடி எழுந்து போகமாட்டார்.

பத்துக் கேள்வியால் மட்டும் பாடத்திட்டம் முடியாது, உண்மைதான். புதிய பாடங்களுக்கான நீண்ட நேரத்தை இரண்டு மணி ஷிப்ட் வாரத்தின் காலைகளுக்கும் விடுமுறை நாளுக்கும் ஒதுக்க வேண்டும். அது தவறினாலும் பத்துக் கேள்வி தொடரும். ஒரு நாள் விட்டால் மறுநாள் இருபது போடக் கூடாது. கடன் சேரச் சேர வினாத்தாளைப் பார்க்கவே பயம் வரும். அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் அளவை ஐந்தாகக் குறைக்க வேண்டும், அல்லது வேறு சந்தர்ப்பத்துக்கு மாற்ற வேண்டும். தூக்கத்தை மட்டும் வெட்டக் கூடாது. வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனால், அது அட்டவணையால் தீராது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உற்சாகம் குறையும் என்று தெரிந்தே திட்டம் போடுவது பலவீனம் அல்ல. கோச்சிங் நடத்துபவர்களே, உங்கள் மாணவரிடம் இலட்சியம் என்ன என்று கேட்பதற்கு முன் இந்த வாரம் என்ன ஷிப்ட் என்று கேளுங்கள். வீட்டிலுள்ளவர்களே, ‘ஆரம்பசூரன்’ என்ற பட்டத்தை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். நைட் ஷிப்டைத் தாங்காத திட்டத்தில்தான் குறை, அதைப் பின்பற்ற முயன்ற ஆளிடம் இல்லை.