வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை: ஒத்தியின் மறுபெயர் என்ன?

வங்கிச் சேமிப்புக் கணக்கில் சேரும் வட்டியைத் தொட மறுக்கும் சகோதரர் ஒருவரை அறிவேன். ஆண்டுதோறும் அந்தத் தொகையைக் கணக்கிட்டு, நன்மையை நாடாமல் பிரித்துக் கொடுத்துவிடுவார். அவர் குடியிருப்பது ஒத்தி வீட்டில். உரிமையாளரிடம் ஐந்து இலட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்துவிட்டு, அதே ஐந்து இலட்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுவார். இது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்டபோது, நம் ஊர்களில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் அதே பதிலைச் சொன்னார்: "வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை."

ஓர் ஊரில் ஒத்தி, மற்றோர் ஊரில் போக்கியம், நகரங்களில் 'லீஸ்' என்று இதற்குப் பெயர்கள் பல. ஆனால் அந்த வாசகத்தைச் சற்று நிறுத்தி வாசித்துப் பாருங்கள். வாடகை இல்லாததற்குக் காரணம் என்ன? பணத்துக்கு வட்டி வாங்காததே. வட்டி வாங்காததற்குக் காரணம்? வாடகை கொடுக்காததே. வட்டி இல்லை என்று மறுப்பதற்காகச் சொல்லப்படும் வாசகமே, வட்டியின் இடத்தில் வாடகை அமர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதில் நம்மைவிட வெளிப்படையாகப் பேசுகிறது. அதன் 58ஆம் பிரிவு அனுபோக அடமானத்தை விளக்கும்போது, கடன் கொடுத்தவர் சொத்தின் வருவாயை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வதை அதன் வடிவங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மார்க்கத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத ஒரு சட்டம் 'வட்டிக்கு ஈடு' என்று எழுதிய ஒன்றை, நாம் 'வட்டியே இல்லை' என்கிறோம்.

வட்டி என்றால் சதவீதம் குறித்து மாதந்தோறும் வாங்கும் ரொக்கம் என்பது நம் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம். ஃபிக்ஹு கலை அறிஞர்கள் அவ்வாறு வரையறுக்கவில்லை. ஹனஃபீ அறிஞர்களின் வரைவிலக்கணப்படி, கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தமொன்றில் இருவருள் ஒருவருக்கு நிபந்தனையாக்கப்பட்ட, ஈடு ஏதுமில்லாத மிகையே ரிபா. இதில் ரொக்கம் என்ற சொல்லும் இல்லை, சதவீதம் என்ற சொல்லும் இல்லை. அந்த மிகை பணமாக இருக்கலாம், பொருளாக இருக்கலாம், ஒரு பயன்பாடாகவும் இருக்கலாம். கடன் கொடுத்தவர் மிகையையோ அன்பளிப்பையோ நிபந்தனையாக்கி, அதன்பேரில் பெற்றுக்கொண்டால் அது ரிபா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இருப்பதாக இமாம் இப்னுல் முன்திர் பதிவு செய்துள்ளார்.

மதீனாவுக்கு வந்த அபூபுர்தா அவர்களுக்கு நபித்தோழர் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள் கூறிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. வட்டி பரவியிருக்கும் நிலத்தில் நீர் இருக்கிறீர். உம்மிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலோ வாற்கோதுமையோ தீவனமோ அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர், அது வட்டியே என்பது அதன் கருத்து. ஒரு சுமை வைக்கோலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், மூன்று ஆண்டுக் குடியிருப்புக்கு என்ன சொல்வது?

இப்போது நம் சகோதரரின் கணக்கைப் பார்ப்போம். அவர் குடியிருப்பதைப் போன்ற வீட்டுக்கு அந்தத் தெருவில் மாத வாடகை எட்டாயிரம் ரூபாய். ஓர் ஆண்டுக்கு 96,000. மூன்று ஆண்டுகளுக்கு 2,88,000. அவர் கொடுத்த ஐந்து இலட்சம் குறைவின்றித் திரும்புகிறது. அதற்கு மேல் 2,88,000 ரூபாய் மதிப்புள்ள குடியிருப்பும் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தொன்பது ரூபாய்க்கும் சற்று மேல். எந்தச் சேமிப்புக் கணக்கின் வட்டியைத் தொட மாட்டேன் என்று அவர் பேணுதலாக இருக்கிறாரோ, அதைவிடப் பன்மடங்கு மிகுதியான ஒன்றின் மீது ஒவ்வோர் இரவும் உறங்கி எழுகிறார்.

"அவர் என் பணத்தைப் பயன்படுத்துகிறார், நான் அவர் வீட்டைப் பயன்படுத்துகிறேன். இது பரிமாற்றம்தானே?" என்பது அடுத்த வாதம். இங்கேதான் ஒப்பந்தங்களின் இலக்கணம் தேவைப்படுகிறது. வாடகை ஒப்பந்தமான இஜாராவில் பொருள் உரிமையாளருடையதாகவே இருக்கிறது. அதன் பயன் மட்டும் விற்கப்படுகிறது. கொடுத்த கட்டணம் திரும்பி வராது. கடனாகிய கர்ளில் பணம் வாங்கியவரின் உடைமையாகவே மாறிவிடுகிறது. அவர் அதில் இலாபம் கண்டாலும் நட்டம் அடைந்தாலும், வாங்கிய அளவைத் திருப்பித் தர வேண்டும். ஒத்தியில் கொடுத்த பணம் வாடகையாக இருந்தால் திரும்பி வரக்கூடாது. திரும்பி வருகிறது என்றால் அது கடன். கடனுக்கு ஈடு அதே அளவுப் பணம் மட்டுமே. அது முழுமையாகக் கிடைத்துவிட்ட பின், வீட்டின் பயனுக்கு எதிரே வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஈடில்லாத மிகை என்று அறிஞர்கள் சொன்னது இதைத்தான்.

"அது கடன் அல்ல, வீடு எங்களிடம் அடமானமாக இருக்கிறது, உரிமையாளரே மனமுவந்து அனுமதித்திருக்கிறார்" என்போரும் உண்டு. அடமானம் என்பது தனித்து நிற்கும் வியாபாரம் அன்று. அது ஒரு கடனுக்குக் காவல். அடமானப் பொருளின் பயன் அதன் உரிமையாளருக்கே உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை. கடன் கொடுக்கும்போதே அப்பயனைத் தனக்கு நிபந்தனையாக்கினால் அது செல்லாது. ஹனஃபீ நூல்களில், உரிமையாளர் அனுமதித்தால் பயன்படுத்தலாம் என்ற கருத்து இருப்பது உண்மையே. ஆனால் இமாம் இப்னு ஆபிதீன் அதை விவாதிக்கும்போது, பயன் கிடைக்காவிட்டால் மக்கள் பணமே கொடுக்கமாட்டார்கள் என்ற நடைமுறையைச் சுட்டி, வழக்கமாகிவிட்டது நிபந்தனையிடப்பட்டதற்குச் சமம் என்ற விதியை அதன்மேல் பொருத்துகிறார். நம் ஒத்தியிலோ வழக்கத்தைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. நிபந்தனை முத்திரைத்தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குடியிருக்க விடாவிட்டால் ஐந்து இலட்சத்தைக் கொடுத்திருப்பீர்களா என்ற ஒரு கேள்வி போதும், அந்த 'மனமுவந்த அனுமதி'யின் விலை தெரிந்துவிடும்.

ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (மறைவு 1223) தம் 'அல்முக்னி' நூலில் இதே விவகாரத்தை எடுத்துப் பேசுகிறார். கடனுக்கு வீட்டை அடமானமாகப் பெற்று அதில் பயனடைவதை இமாம் அஹ்மத் அவர்கள் வெறுத்ததையும், அதைக் கலப்பற்ற வட்டி என்றே சொன்னதையும் அவர் எடுத்துரைக்கிறார். அதோடு நிற்காமல், நம் காலத்துத் தந்திரம் ஒன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் அந்த வீட்டை, சலுகை ஏதுமின்றி, அதற்குரிய சந்தை வாடகைக்கே எடுத்துக்கொண்டால் கூடும். அப்போது அவர் பயனடைவது வாடகையால், கடனால் அன்று. வாடகையில் சலுகை காட்டப்பட்டால், அது இலவசமாகப் பயன்படுத்தியதற்குச் சமம், கடனில் கூடாது. 'பேருக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை வைத்துக்கொண்டால் ஹலாலாகிவிடும்' என்று நம்மிடையே சொல்லப்படுகிறதே, அந்தக் கதவு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சாத்தப்பட்டுவிட்டது. எட்டாயிரம் பெறும் வீட்டுக்கு ஐந்நூறு கொடுத்தால், எஞ்சிய 7,500 ரூபாய் மாதந்தோறும் கடனுக்கான கூலியாகவே நிற்கிறது. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததன் பொருளும் இதுவே.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைப்பது நேர்மையாகாது. புகாரா, சமர்கந்து பகுதிகளின் ஹனஃபீ அறிஞர்கள் 'பைஉல் வஃபா' என்ற ஒரு விற்பனை முறையை விவாதித்தார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியவர் சொத்தைத் திருப்பித் தர வேண்டும். இடையில் பயனை வாங்கியவர் அனுபவிக்கலாம். மக்களின் நெருக்கடியைக் காரணம் காட்டிச் சிலர் இதை அனுமதித்தனர். உஸ்மானியப் பேரரசின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பும் இதை ஏற்றது. ஆனால் இது விற்பனையே அன்று, அடமானம்தான் என்று தீர்ப்பளித்தவர்களும் அதே மத்ஹபில் இருந்தனர். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு கழகம், இதன் உண்மைத் தன்மை பயன் தரும் கடனே என்று கூறி, கூடாது எனத் தீர்மானித்தது. நெருக்கடியின் பெயரால் தரப்பட்ட சலுகை, வேறு வழி இருக்கும் இடத்துக்கு நீளாது.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, அது கடினமானதும் அன்று. உரிமையாளருக்கு ஐந்து இலட்சம் தேவை. சகோதரருக்கு வீடு தேவை. ஆறு ஆண்டுகளுக்கு, மாதம் ஏழாயிரம் என்று பேசி, 5,04,000 ரூபாயை முன்கூட்டியே வாடகையாகக் கொடுக்கட்டும். வீடு எது, காலம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்ற மூன்றும் தெளிவாக இருப்பதால் இஜாரா செல்லும். எட்டாயிரம் ஏழாயிரமானது குற்றமன்று. இங்கே கடன் என ஒன்று இல்லை, இருவரும் பேசி முடித்த வாடகையே அது. கூரை பழுதானால் செப்பனிடுவது உரிமையாளர் பொறுப்பு. நடுவில் வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், எஞ்சிய மாதங்களின் வாடகையை அவர் திருப்பித் தர வேண்டும். காலம் முடிந்ததும் யாரும் யாருக்கும் கடனாளி அல்லர். ஒத்திப் பணத்தைத் திருப்பித் தர வழியின்றி, அதைவிடக் கூடுதலான தொகைக்கு இன்னொரு ஒத்திக்காரரைத் தேடி அலையும் அவலமும் உரிமையாளருக்கு இல்லை.

"அப்படியானால் என் ஐந்து இலட்சம் போய்விடுமே!" என்றார் சகோதரர். ஆம், போய்விடும். குடியிருந்ததற்கான விலை அது. முதலும் குறையக்கூடாது, குடியிருப்பும் இலவசமாக வேண்டும் என்ற விருப்பத்தைத்தான் மார்க்கம் தடுத்திருக்கிறது. வியாபாரமும் வட்டியைப் போன்றதே என்று வாதிட்டவர்களைக் குர்ஆன் (2:275) கண்டிக்கிறது. நாம் அந்த வாதத்தைத் தலைகீழாக்கி, வட்டியை வாடகை போன்றதே என்கிறோம்.

ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுக்கும் பணம் முழுதாகத் திரும்பி வருமா? அந்தப் பணத்தைக் கொடுத்ததனால் வாடகை குறைந்ததா, மறைந்ததா? இரண்டுக்கும் 'ஆம்' என்பது பதிலானால், பத்திரத்தின் தலைப்பில் ஒத்தி என்றிருந்தாலும் போக்கியம் என்றிருந்தாலும் அதன் உள்ளே இருப்பது வட்டிதான்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.