ஒரு மாலையும் "பழையபடி" என்னும் சொல்லும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில், குடியை விட்ட ஒருவர் ஒருநாள் குடித்துவிட்டால் இரு மொழியினரும் ஒரே சொல்லையே எடுக்கிறார்கள். தமிழில் "பழையபடி ஆயிட்டான்"; மலையாளத்தில் "பழயபடி ஆயி". ஒரு மாலை நேர்ந்ததை அச்சொல் நிலையான இயல்பாக்கிவிடுகிறது. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆறு வாரம் குடிக்காதிருந்த கொத்தனார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை. கடை இல்லாத நாள்தானே என்று அவர் காவலைத் தளர்த்துகிறார். எல்லைக்கு அப்பால் அந்த விடுமுறை இல்லை. கூலி வாங்கிய கையோடு நண்பரின் பைக்கில் களியக்காவிளைக்குச் சென்று அரைக் குவார்ட்டர் குடிக்கிறார். மிச்சப் பாதியைக் குடிக்கவைப்பது ஆசையன்று. "எல்லாம் போயிற்று" என்னும் எண்ணம். உளவியலாளர்கள் மார்லட்டும் கார்டனும் 1985இல் வெளியிட்ட நூலில், சறுக்கலையும் மீள்வீழ்ச்சியையும் பிரித்துக் காட்டியது இதனால்தான். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதில் குற்றவுணர்வுக்குப் பெரும் பங்குண்டு. ஆறு வாரங்களில் உடலும் மனமும் கற்றது ஓரிரவில் அழிவதில்லை.

முதல் நாளில் செய்யவேண்டியவை சிலவே. மிச்சத்தைக் கொட்டிவிட்டு, வண்டி ஓட்டாமல் வீடு சேரவேண்டும். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவு இப்போது ஆபத்தான அளவு. உணவு, தண்ணீர், உறக்கம் தேவை. தூக்க மாத்திரை கூடாது. வீட்டார் அன்றிரவு விசாரணை நடத்தாதிருப்பது நல்லது. டைசல்பிரம் மாத்திரை உண்பவராயின் முகச்சிவப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வரலாம். உடனே மருத்துவமனை செல்லவேண்டும். அம்மாத்திரையை உணவில் மறைத்துக் கொடுப்பது உயிருக்கே கேடு.

மறுநாள் காலை, நம்பகமான ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, முந்தைய நாளைப் பின்னோக்கி எழுதவேண்டும்: குவார்ட்டர், பைக், கூலி, தளர்ந்த காவல். சங்கிலியில் ஒரு கண்ணியை மாற்றினால் போதும். அடுத்த ஒன்றாம் தேதி கூலியை மனைவி வாங்கிக்கொள்ளலாம். சிகிச்சையளித்த மருத்துவரிடமும் அன்றே தெரிவிக்கவேண்டும். கேரள விமுக்தி இயக்கத்தின் எண் 14405. எல்லையின் இருபுறமும் டெலி மானஸ் 14416.

இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. வாரந்தோறும் நிகழ்வது சறுக்கலன்று. சிகிச்சையை மாற்றவேண்டும் என்பதற்கான அறிகுறி. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு நிறுத்துகையில் நடுக்கமும் வியர்வையும் கண்டால் மருத்துவரிடமும், மனக்குழப்பமோ வலிப்போ வந்தால் தாமதமின்றி அவசரப் பிரிவுக்கும் செல்லவேண்டும். மற்றபடி அந்த மாலைக்கு உரிய வாக்கியம் ஒன்றே: "நேற்றுக் குடித்தார்." அதில் வினை இறந்தகாலத்தில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.